குடுவையில் ஆட்டினாலே பாக்டீரியா வளர்ந்துவிடுகிறது. பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் அதற்கு எப்படிக் காற்று கொடுக்கிறார்கள்? சூடு, பிஎச் எல்லாம் எப்படி நிலையாக நிற்கிறது?

ஃபெர்மென்டர் தளத்தில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். இதில் உண்மையான தலைவலி ஆக்ஸிஜன் மட்டும்தான். சூடு, பிஎச், சர்க்கரைக் கரைசலை ஊட்டும் வேகம் எல்லாமே ஏதோ ஒரு வழியில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

ஒரு கணக்கோடு பார்ப்போம். பத்தாயிரம் லிட்டர் தொட்டி, அதில் 7,000 லிட்டர் வளர்ப்பு ஊடகம். மீதி இடம் நுரைக்கும், குமிழிகளால் ஏறும் மட்டத்துக்கும். உள்ளே ஈ. கோலை, 37 டிகிரி. லிட்டருக்கு 40 கிராம் உலர் எடை அளவுக்குச் செல்கள் வளர்ந்துவிட்டன என்று வையுங்கள். இந்த அடர்த்தியில் கூட்டம் ஒரு மணி நேரத்தில் லிட்டருக்குச் சுமார் 5 கிராம் ஆக்ஸிஜன் கேட்கும். ஆனால் அந்த வெப்பநிலையில், சாதாரணக் காற்றழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 7 மில்லிகிராம்தான். வகுத்துப் பாருங்கள்: காற்றை நிறுத்தினால் கையிருப்பு ஐந்து விநாடிக்குத்தான் காணும். சர்க்கரையை முன்கூட்டியே கரைத்து வைக்கலாம், உப்புகளை வைக்கலாம். ஆக்ஸிஜனை மட்டும் சேமிக்க முடியாது, செல் தின்னும் அதே வேகத்தில் விநாடி தவறாமல் கரைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்றை நிறைய விட்டால் போதாதா என்று தோன்றும். இந்தத் தொட்டிக்கு நிமிடத்துக்கு 7,000 லிட்டர் காற்று விடுவோம். அதில் இருக்கும் ஆக்ஸிஜன் தேவையைப் போல மூன்று மடங்கு. ஆக, பஞ்சம் காற்றில் இல்லை, குமிழியிலிருந்து நீருக்குள் ஆக்ஸிஜன் கடக்கும் எல்லையில்தான் இருக்கிறது. அந்த எல்லையின் பரப்பை எவ்வளவு பெரிதாக்குகிறோம் என்பதே மொத்த வித்தை. ஒரே அளவு காற்றைப் பத்து மில்லிமீட்டர் குமிழிகளாக விடுவதற்குப் பதிலாக மூன்று மில்லிமீட்டராக உடைத்தால் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். சின்னக் குமிழி மெதுவாக ஏறுவதால் நீருக்குள் கூடுதல் நேரம் தங்கவும் செய்யும்.

கலக்கியின் முதல் வேலை இந்த உடைப்புதான். தொட்டியின் அடியில், துளைகள் போட்ட வளையக் குழாய் ஒன்று இருக்கும், ஸ்பார்ஜர் என்போம். கிருமி வடிகட்டி தாண்டி வரும் காற்று அதன் வழியே வெளிவந்து, நேர் மேலே சுழலும் இம்பெல்லருக்குள் போகும். நாங்கள் வைத்திருந்தது ரஷ்டன் வகை: ஒரு தட்டு, அதன் விளிம்பில் ஆறு தட்டையான இலைகள். தொட்டியின் விட்டம் 1.8 மீட்டர் என்றால் இம்பெல்லர் விட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 60 சென்டிமீட்டர். ஒரே தண்டில் மூன்று இம்பெல்லர்கள், நிமிடத்துக்கு 180 சுற்று. ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் அழுத்தம் குறைந்த குழி உண்டாகும். காற்று அங்கே போய்ச் சிக்கி, இலையின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கிழிந்து வெளியே தெறிக்கும். தொட்டிச் சுவரில் செங்குத்தாக நான்கு பட்டைகள் இருக்கும், பேஃபிள் என்று பெயர். அவை இல்லாவிட்டால் மொத்தத் திரவமும் கலக்கியோடு சேர்ந்து ராட்டினம் சுற்றும், நடுவில் பள்ளம் விழும், எதுவும் உடையாது.

சுற்றைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், மின்சாரத் தேவை சுற்றின் மும்மடியில் ஏறும். சுற்றை 25 சதவீதம் கூட்டினால் மோட்டார் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி கேட்கும். அதனால் இன்னொரு நெம்புகோலும் வைத்திருக்கிறோம்: வெளியேறும் காற்றின் வால்வை நெருக்கித் தொட்டிக்குள் ஒரு பார் கூடுதல் அழுத்தம் ஏற்றுவது. கரையும் ஆக்ஸிஜனின் உச்சவரம்பு அப்படியே ஏறக்குறைய இரட்டிக்கும். அதுவும் போதாதபோது உள்ளே போகும் காற்றில் சுத்த ஆக்ஸிஜனைக் கலப்பார்கள். பலன் உடனே தெரியும், செலவும் அப்படியே.

இத்தனையும் செய்தும் ஒரு உச்சம் இருக்கிறது. அதற்கு மேல் இந்தத் தொட்டி ஆக்ஸிஜன் தராது. அதனால்தான் சர்க்கரையை மொத்தமாகக் கொட்டுவதில்லை, கெட்டியான குளுக்கோஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறோம். செல் எவ்வளவு மூச்சுவிடலாம் என்பதைத் தீர்மானிப்பது கடைசியில் அந்த ஊட்டப் பம்புதான். கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் டிஓ புரோப், கரையக்கூடிய உச்சத்தில் 30 சதவீதத்தைக் காட்டும்படி முதலில் சுற்று, பிறகு காற்று, பிறகு அழுத்தம் என்று தானியங்கியாக ஏறும். மூன்றும் உச்சத்தைத் தொட்டுவிட்டால் ஊட்டும் வேகத்தை அதற்கு மேல் கூட்டக் கூடாது.

கலக்கியின் இரண்டாவது வேலை, எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைப்பது. இதில் பெரிய தொட்டி சிறியதிடம் தோற்றுப்போகும். பத்து லிட்டர் தொட்டியில் ஒரு சொட்டு சில விநாடியில் எங்கும் பரவிவிடும். பத்தாயிரம் லிட்டரில் அதற்குப் பல பத்து விநாடி ஆகலாம், ஆனால் ஆக்ஸிஜன் கையிருப்போ ஐந்து விநாடி. ஊட்டக் குழாயை மேலே ஒரு மூலையில் விட்டால், அங்கே கூட்டமாய் நிற்கும் செல்கள் கண்டபடி தின்று, மூச்சு முட்டி, அசிட்டேட் என்ற அமிலக் கழிவைக் கக்கும். அதே நேரத்தில் கீழே இருப்பவை பட்டினி. குழாயின் வாயை இம்பெல்லருக்கு அருகில் கொண்டுபோய் வைப்பது அதனால்தான். பிஎச்சைச் சரிசெய்ய விடும் அம்மோனியாவுக்கும் இதே நியாயம்.

இப்போது சூடு. செல் ஒரு கிராம் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தினால் சுமார் 14 கிலோஜூல் வெப்பம் வெளிவரும், எந்தச் சர்க்கரை கொடுத்தாலும் ஏறக்குறைய இதே கணக்கு. நம் தொட்டியில் அது 140 கிலோவாட். கலக்கியின் சக்தியும் கடைசியில் சூடாகத்தான் முடியும், அதில் ஒரு பதினேழோ இருபதோ சேருங்கள். எண்பது வீட்டு வாட்டர் ஹீட்டர்களை உள்ளே போட்டு மூடியது போல. பத்து லிட்டரிலிருந்து பத்தாயிரத்துக்கு வரும்போது கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடுகிறது, சுவரின் பரப்போ நூறு மடங்குதான். ஆய்வகத்தில் சூடாக்கும் போர்வை சுற்றிய தொட்டி இங்கே குளிரூட்டலுக்குக் கெஞ்சும். சுவரைச் சுற்றிய உறை போதாமல் உள்ளேயே குழாய்ச் சுருள்கள் வைத்துக் குளிர்நீர் ஓட்டுவார்கள். குளிர்நீர் பம்ப் நின்றுபோனால் மூன்று நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று ஏறும். அப்போது பம்பை நோக்கி ஓடுவதற்கு முன் ஊட்டத்தை நிறுத்த வேண்டும். சர்க்கரை நின்றால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் சூடும் நிற்கும்.

பிஎச் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செல்கள் அம்மோனியத்தை எடுத்துக்கொண்டு அமிலத்தை வெளியே விடுவதால் பிஎச் இறங்கும். அம்மோனியா நீரை விட்டு 7.0-ல் நிறுத்துகிறோம், அதுவே செல்லுக்கு நைட்ரஜன் உணவும் ஆகிறது. கவனிக்க வேண்டியது புரோப்தான். 121 டிகிரி நீராவியில் வெந்து வந்தபின் அது கொஞ்சம் பொய் சொல்லும். மாதிரி எடுத்து வெளியே சரிபார்ப்போம். எடுத்தவுடன் அளக்க வேண்டும், மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி அளவு கூடிக் காட்டும். அதை நம்பிப் புரோபைத் திருத்தினால் தொட்டியே தவறான பிஎச்சில் ஓடும்.

இவையெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை நான் புரிந்துகொண்டது ஒரு இரவு ஷிப்டில். நுரையை உணரும் கம்பியில் புரதப் படலம் ஒட்டிக்கொண்டது. நுரை இல்லாதபோதும் இருக்கிறது என்று அது சொல்லச் சொல்ல, நுரைமுறிப்பான் எண்ணெய் இறங்கிக்கொண்டே இருந்தது. எண்ணெய் நுரையை மட்டுமா உடைக்கும்? சின்னக் குமிழிகளை ஒட்டவைத்துப் பெரிதாக்கிவிடும். டிஓ முப்பதிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தது. சுற்று ஏற்கெனவே உச்சத்தில். கூட இருந்த ஆபரேட்டர், "அண்ணே, காத்த ஏத்தவா?" என்று கேட்க, நானும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

டிஓ ஐந்துக்குப் போனது. கலக்கியின் உறுமல் லேசாகி, மோட்டாரின் ஆம்பியர் சட்டென்று இறங்கியிருந்தது. காற்று அளவுக்கு மீறிப்போய் அடி இம்பெல்லரையே மூழ்கடித்துவிட்டது. இலைகள் நீரை அடிக்காமல் காற்றுக்குள் சுழல, குமிழிகள் உடையாமல் தண்டை ஒட்டி நேராக மேலே போய்க்கொண்டிருந்தன. ஆக்ஸிஜன் வேண்டும் என்று காற்றைக் கூட்டியதே ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டது. அதே நேரம் திரையின் இன்னொரு மூலையில் அம்மோனியா பம்ப் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. மூச்சு முட்டிய செல்கள் அசிட்டேட் விடுகின்றன என்று அர்த்தம்.

காற்றைப் பழைய அளவுக்கும் கீழே இறக்கினோம். ஆம்பியர் ஏறியது, உறுமலும் திரும்பியது. ஊட்டத்தைப் பாதியாக்கி, நுரைமுறிப்பான் வால்வைக் கையால் மூடினேன். பத்து நிமிடத்தில் டிஓ இருபதைத் தாண்டியது. கொஞ்ச நேரம் கழித்து அம்மோனியா பம்ப் தானாக நின்று, பிஎச் 7.0-ஐத் தாண்டி மெதுவாக மேலேறத் தொடங்கியது. ஆபரேட்டர் பயந்து அமிலப் பம்பைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். சர்க்கரை குறைந்ததும் செல்கள் தாங்கள் கக்கிய அசிட்டேட்டையே திரும்பத் தின்கின்றன, அதனால்தான் பிஎச் ஏறுகிறது. அரை மணி நேரத்தில் அது தீர்ந்து ஏற்றம் நின்றது. அதன்பிறகுதான் ஊட்டத்தைப் படிப்படியாகக் கூட்டினோம். எண்ணெய் உள்ளேயே இருந்ததால் பழைய வேகத்தை அந்த பேட்ச் கடைசிவரை எட்டவில்லை, அறுவடை ஆறு மணி நேரம் தள்ளிப்போனது.