மனநல மருந்து அட்டவணையில் "நடுக்கம்" என்று மட்டும் எழுதினால் போதாது

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் அனுப்பிய நோட்டுப் படங்களை நேற்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் ஆண்டு நர்சிங்கில் மனநலப் பாடம் மட்டும் மனதில் நிற்கவில்லை, நார்செட் தேர்வுக்கு இப்படியே போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். உழைப்பில் குறை இல்லை, அட்டவணை போட்ட விதத்தில்தான் சிக்கல்.

உங்கள் அட்டவணையில் லித்தியம், வால்ப்ரோயேட், ஹாலோபெரிடால், செர்ட்ராலின் ஆகிய நான்கின் பக்கவிளைவுக் கட்டத்திலும் "நடுக்கம்" என்று இருக்கிறது. நான்கும் சரி. ஆனால் வார்டில் ஒருவருக்குக் கை நடுங்கினால் அந்தக் கட்டம் உங்களுக்கு எதையும் சொல்லாது. லித்தியம் எடுப்பவருக்குக் கையை நீட்டும்போது விரல்நுனியில் மெல்லிய நடுக்கம் தெரியலாம். டோஸ் சரியாக இருக்கும்போதே இது வரும். அதே ஆள் டம்ளரைத் தூக்கும்போது காபி சிந்தும் அளவுக்குக் கை ஆடினால், மருந்து உடம்பில் தேங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஹாலோபெரிடாலில் கை மடியில் சும்மா இருக்கும்போதும் நடுங்கும். உடம்பு விறைப்பும் மெதுவான நடையும் கூடவே இருக்கும். ஒரே சொல்தான், ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஆகவே முதல் மாற்றம் இது. ஒரு மருந்துக்கு ஒரு வரி என்று போடாதீர்கள். ஒரு பக்கவிளைவுக்கு ஒரு வரி போட்டு, அதற்கு நேராகவே கண்காணிப்பை எழுதுங்கள். லித்தியத்தில் இருந்து தொடங்கலாம்.

| என்ன ஆகலாம் | எதைப் பார்க்க வேண்டும் | எப்போது |
|---|---|---|
| மருந்து தேங்கி நஞ்சாவது | ரத்தத்தில் லித்தியம் அளவு | தொடங்கியோ டோஸ் மாற்றியோ 5-7 நாளில்; நிலைத்த பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை |
| தைராய்டு குறைவது | டி.எஸ்.எச். | தொடங்கும் முன். பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை |
| சிறுநீரகம் பாதிப்பது | கிரியாட்டினின் | தொடங்கும் முன். பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை |

முதல் வரியில் இரண்டு விவரம் சேர்க்க வேண்டும். கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். தொடர் சிகிச்சையில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. முதியவர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே தொல்லை வரலாம் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். 48 வயதுப் பெண், பைபோலார் நோய்க்கு இரண்டு வருடமாக லித்தியம் எடுக்கிறார், அளவு 0.8. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் ஐபுப்ரோஃபென் வாங்கித் தினமும் இரண்டு வேளை போடுகிறார். ஒரு வாரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. "சாப்பாடு ஒத்துக்கலை" என்கிறார்கள் வீட்டில். மறுநாள் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. ரத்தத்தில் லித்தியம் 1.9.

என்ன நடந்தது? லித்தியத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்தும். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து வெளியேற்றத்தை மந்தமாக்குகின்றன. பிறகு வயிற்றுப்போக்கில் நீர் போக, அளவு இன்னும் ஏறுகிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு, எனலாப்ரில் வகை மாத்திரைகளும் இதையே செய்யும். கடும் விரதம், திடீரென்று உப்பை நிறுத்துவது, வெயிலில் வியர்த்து ஊற்றுவது எல்லாமே இதே வழியில்தான் வேலை செய்கின்றன. காரணம் ஒன்று புரிந்துவிட்டால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நர்ஸாக உங்கள் வேலை அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் நிறுத்தி, உடனே டாக்டரிடம் சொல்வது. அவர் லித்தியம், சோடியம், கிரியாட்டினின் பார்க்கச் சொல்வார், திரவம் ஏற்றச் சொல்வார். அட்டவணையில் "எதோடு மோதும்" என்று நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண்ணின் கதை முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது.

அடுத்து, வரி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பது. மூட் ஸ்டெபிலைசர் என்ற தலைப்பின் கீழ் லித்தியம், வால்ப்ரோயேட், கார்பமசெபைன், லாமோட்ரிஜின் நான்கையும் ஒரே கட்டத்தில் அடைத்திருக்கிறீர்கள். இவற்றுக்குள் பயன் ஒன்றுதான், உறவு கிடையாது. வால்ப்ரோயேட்டுக்குக் கல்லீரலும் பிளேட்லெட்டும் பார்க்க வேண்டும், கருவுறும் வயதுப் பெண்களுக்குக் கொடுப்பதைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும். லாமோட்ரிஜினுக்குத் தோலைப் பார்க்க வேண்டும். நான்கையும் பிரித்துவிடுங்கள். மாறாக, செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிடலோப்ராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளை ஒரே வரியில் வைத்து, வித்தியாசத்தை மட்டும் ஓரத்தில் குறித்தால் போதும்.

அந்த வரியில் கண்காணிப்புக் கட்டத்தை நீங்கள் காலியாக விட்டிருக்கிறீர்கள், வழக்கமான ரத்தப் பரிசோதனை இல்லை என்பதால். (முதியவர்களுக்குச் சோடியம் பார்ப்பதுண்டு.) இங்கே கண்காணிப்பு என்பது கேட்பது. குமட்டலும் தூக்கக் கெடுதலும் முதல் வாரத்திலேயே வரும். மனம் தேற 2 முதல் 4 வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் நோயாளி மாத்திரையை நிறுத்துவார். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அந்தக் கட்டத்தில் "கேள்" என்று எழுதி, எதை, எந்த வாரம் என்று நிரப்புங்கள்.

ஆன்டிசைக்கோடிக் மருந்துகளுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது: அசைவுக் கோளாறு, உடல் எடை-சர்க்கரை. ஹாலோபெரிடால் முதல் பக்கம் சாய்ந்தது, ஒலான்சபைன் இரண்டாவது பக்கம். எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும் முன்பே குறித்து வைக்க வேண்டும். பிறகு ஒப்பிட அதுதான் இருக்கும். அசைவில் நான் அதிகம் கவலைப்படுவது அகதீசியாவுக்கு. ஹாலோபெரிடால் தொடங்கிய சில நாளில் ஒருவர் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைக்கிறார். "நோயாளி கிளர்ச்சியாக இருக்கிறார்" என்று ஷீட்டில் எழுதினால் டாக்டர் டோஸைக் கூட்டக்கூடும், தவிப்பு அதிகமாகும். "உள்ளுக்குள்ளே தவிக்குதா, காலை அசைக்காம இருக்க முடியலையா?" என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

க்ளோசபைனுக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வெள்ளையணு ஆபத்தாகக் குறையலாம் என்பதால் பிரிட்டனில் வழக்கமாக முதல் 18 வாரம் வாராவாரம் எண்ணுகிறார்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும். மலச்சிக்கலையும் தினமும் கேளுங்கள். சாதாரணமாகத் தோன்றும், குடலே நின்றுபோய் உயிருக்கு ஆபத்தான நிலைவரை போகக்கூடியது.

முதலில் லித்தியம் பக்கத்தை மட்டும் முடியுங்கள். வலது பக்கக் கட்டங்களைக் காகிதத்தால் மூடிவிட்டு, இடது பக்கத்தைப் பார்த்து வெறும் தாளில் நிரப்புங்கள். அப்புறம், அடுத்த வார்டு போஸ்டிங்கில் லித்தியம் எடுக்கும் ஒருவரின் கேஸ் ஷீட்டைப் பொறுப்பு நர்ஸிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். கடைசி அளவு எந்தத் தேதியில் எடுத்தது, 12 மணி நேரக் கணக்கு சரியா, கூட என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று உங்கள் அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். பெயர், விவரம் எதையும் நோட்டில் எழுத வேண்டாம். எந்தக் கட்டம் நிரம்பாமல் நின்றதோ அதை எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.