எண்ணெய் வைத்தால் மறையும் செதில் வறட்சிதானா?

"டாக்டர், எனக்கு வயது 36. ஒரு வருடமாகத் தலையிலிருந்து வெள்ளையாகச் செதில் வருகிறது, அரிப்பும் இருக்கிறது. தலை வறண்டுவிட்டது என்று அக்கா சொன்னதால் வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்க்கிறேன். தேய்த்த அன்று ஒன்றுமே தெரிவதில்லை. இரண்டு மூன்று நாளில் முன்பைவிட அதிகமாக வருகிறது. சில வாரங்களாகப் புருவத்திலும் அரிப்பு. இது வறட்சியா, பொடுகா? நானே எப்படித் தெரிந்துகொள்வது?"
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, புருவத்தில் அரிப்பு என்று, அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. தோல் வறண்டவர்களுக்குத் தலையோடு சேர்ந்து கெண்டைக்காலும் முன்கையும் வெளுத்துப்போய், நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். புருவம் மட்டும் தனியாக வறளுவது அபூர்வம். புருவம், மூக்கின் இரு ஓரம், காதின் பின்மடிப்பு, ஆண்களுக்குத் தாடி, நடு நெஞ்சு எல்லாம் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்கள். தலையில் செதிலும் இந்த இடங்களில் ஒன்றில் அரிப்பும் சேர்ந்து வந்தால் எண்ணெய்ப் பொடுகைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் என் சந்தேகத்தை வைத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

அதற்கு முன், எண்ணெய் உங்களை எப்படி ஏமாற்றியது என்று சொல்லிவிடுகிறேன். செதில் என்பது இறந்த தோல் அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே காற்று இருப்பதால் வெளிச்சம் சிதறி அது வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த இடைவெளிகளில் புகுந்ததும் செதில் கண்ணாடிபோல் ஆகி, தோலோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட வெள்ளைத்தாள் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மாறுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே எண்ணெய் தேய்த்த அன்று செதில் மறைவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வறட்சிச் செதிலும் மறையும், பொடுகும் மறையும். 'எண்ணெய் வைத்தால் அடங்குகிறது, அப்படியானால் வறட்சிதான்' என்று பலரும் தவறாக முடிவு செய்வது இந்த இடத்தில்தான்.

வித்தியாசம் அடுத்தடுத்த நாட்களில்தான் தெரியும். மலசீசியா என்றொரு ஈஸ்ட் கிருமி பெரியவர்கள் எல்லோருடைய தலையிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது. நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துத்தான் வாழ்கிறது. உடைக்கும்போது மிஞ்சுகிற அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. உறுத்தப்பட்ட தோல் அவசர அவசரமாகப் புது அடுக்குகளை உண்டாக்க, பழையவை முழுதாகப் பிரியாமல் கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. பொடுகு இதுதான். நாம் தேய்க்கும் எண்ணெயிலும் அந்தக் கிருமிக்கு ஏற்ற கொழுப்பு உண்டு. வறட்சி இருப்பவருக்கு எண்ணெய் சில நாளாவது நிம்மதி தரும். உங்களுக்கோ இரண்டு மூன்று நாளில் கூடிவிடுகிறது.

இப்போது சோதனைக்கு வருவோம். எண்ணெயை நிறுத்திவிட்டுச் சாதாரண ஷாம்பூவால், மருந்து ஷாம்பூ வேண்டாம், இரண்டு முறை நுரைத்துத் தலைக்குக் குளியுங்கள். அதன் பிறகு மூன்று நாளைக்கு எண்ணெய், ஜெல், சீரம் எதுவும் தலையில் படக் கூடாது. காய்ந்த ஜெல்லும் செதில்போலவே உதிர்ந்து குழப்பும்.

குளித்த அன்றே முதல் துப்பு கிடைத்துவிடும். தலை காய்ந்த சில மணி நேரத்தில் தோல் இழுத்துப் பிடித்ததுபோல் இறுக்கமாக இருந்து, செதிலும் அன்றைக்கே அதிகமாக உதிர்ந்தால் வறட்சிப் பக்கம். குளித்த அன்று தலை லேசாக, அரிப்பில்லாமல் இருந்து, இரண்டாம் மூன்றாம் நாள் பிசுக்கு ஏற ஏற அரிப்பும் ஏறினால் பொடுகுப் பக்கம்.

மூன்றாம் நாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கறுப்புத் துணி விரித்து, தலையைக் கவிழ்த்துச் சீப்பால் பத்துப் பதினைந்து முறை வாருங்கள். வறட்சிச் செதில் மாவு சலித்ததுபோல் பொடிப்பொடியாக விழும். பளிச்சென்ற வெள்ளை, ஓரம் கூர்மையாக இருக்கும், துணியை லேசாக உதறினால் பறந்துவிடும். எண்ணெய்ப் பொடுகு அவ்வளவு சுலபத்தில் விழாது. சீப்பின் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும், முடியின் அடியில் ஒட்டி நிற்கும். அளவில் பெரிது, ஒழுங்கற்ற தட்டைத் துண்டுகள், நிறம் பழுப்பேறிய வெள்ளை அல்லது இளமஞ்சள்.

நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறித் தெரியும் என்பதால் நான் விரலைத்தான் அதிகம் நம்புகிறேன். நாலைந்து செதிலை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். வறண்டது நொறுங்கித் தூளாகும், விரல் காய்ந்தே இருக்கும். பொடுகு நொறுங்காமல் மெழுகுபோல் குழைந்து, சுருண்டு, விரலில் ஒரு பிசுபிசுப்பை விட்டுவைக்கும். அதை ஒரு மெல்லிய டிஷ்யூ தாளில் வைத்து அழுத்தினால் தாளில் எண்ணெய்த் தடம் விழலாம். விழாவிட்டால் பொடுகு இல்லை என்று அர்த்தமில்லை. லேசான பொடுகில் பிசுக்கு அவ்வளவாக இருக்காது.

பிறகு இடம். உச்சியில், நெற்றியோர முடிவரிசையில், இரண்டு காதுக்கும் பின்னால், பிடரிக்கு மேலே என்று வகிடெடுத்து, யாரையாவது செல்போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வறட்சி என்றால் தலை முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி மெல்லிய வெளுப்பு இருக்கும், அடித்தோலில் சிவப்பு அவ்வளவாக இருக்காது. பொடுகு திட்டுத் திட்டாக இருக்கும். உச்சியிலும் முடிவரிசையிலும் அடர்ந்தும் மற்ற இடங்களில் குறைந்தும் காணப்படும். முற்றிய நிலையில் செதிலுக்கு அடியில் தோல் சிவந்து பளபளக்கும். மாநிறமும் கறுத்த நிறமும் உள்ளவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அவர்கள் சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ கறுத்தோ திட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையைப் பார்த்து முடித்ததும் கெண்டைக்காலைப் பாருங்கள், மூக்கோரத்தையும் பாருங்கள். பல சமயம் பதில் தலைக்கு வெளியில்தான் கிடைக்கிறது.

உங்களுக்கு நேர்மாறான தவறைச் செய்த ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோளில் வெள்ளையாக விழுகிறது என்று மருந்து ஷாம்பூ வாங்கி, தினமும், அதுவும் நல்ல சுடுநீரில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஏசி அறையில் வேலை. குறையாததால் ஷாம்பூவின் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அவருடைய செதிலை விரலில் தேய்த்தேன், தூளாகப் போனது. காதுக்குப் பின்னால் சுத்தமாக இருந்தது. பேன்டைத் தூக்கிக் காலைக் காட்டச் சொன்னேன், காய்ந்த குளத்து மண்போல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மருந்து ஷாம்பூவை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான ஷாம்பூவால் வாரம் இரண்டு முறை மட்டும் குளிக்கச் சொன்னேன். கைகாலுக்கு மாய்ஸ்சரைசர். மூன்று வாரத்தில் சட்டை சுத்தமாகிவிட்டது. அவருடைய தலைக்கு மருந்தே தேவைப்படவில்லை.

உங்கள் சோதனையில் பிசுபிசுப்பும் திட்டும் புருவ அரிப்பும் ஒரே திசையைக் காட்டினால், கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, நான்கு வாரத்துக்குப் பயன்படுத்துங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ மட்டும் டாக்டரை நேரில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலானவர்கள் அதை முடிக்குத் தேய்த்து உடனே அலசிவிட்டு, 'கேட்கவில்லை' என்கிறார்கள். மருந்து போய்ச் சேர வேண்டியது தோலுக்கு. ஈரத் தலையில் வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தோலில் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அலசுங்கள். அந்த நுரையையே கண்ணை மூடிக்கொண்டு புருவத்திலும் காதின் பின்புறமும் தடவி அதே நேரம் வைத்துக் கழுவலாம். இடைப்பட்ட நாளில் குளித்தால் சாதாரண ஷாம்பூ போதும். இந்த நான்கு வாரமும் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம். முடி வறண்டு சிக்காகிறது என்றால் நுனிப்பகுதிக்கு மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். நகத்தாலோ சீப்பாலோ செதிலைப் பெயர்த்தெடுக்காதீர்கள், புண்ணாகிவிடும்.

பொடுகு அடங்கும், ஆனால் அடியோடு போகாது. அந்தக் கிருமி தோலிலேயே குடியிருப்பதால் மருந்தை முழுவதும் நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வருகிறது. அதனால் நான்கு வாரத்துக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ அதே ஷாம்பூவைத் தொடருங்கள். நடுவில் தலை இறுகி, விழும் செதில் பொடியாக மாறினால் பொடுகு கூடிவிட்டது என்று நினைத்து ஷாம்பூவைக் கூட்டிவிடாதீர்கள். அடிக்கடி கழுவியதால் வந்த வறட்சியாக இருக்கலாம். மறுபடி விரலில் வைத்து நசுக்கிப் பாருங்கள், தூளானால் ஷாம்பூ நாட்களைக் குறையுங்கள்.

சில தலைகள் இந்த இரண்டிலும் சேராது. செதில் தடித்து, வெள்ளிபோல் மினுங்கி, ஓரம் வரைந்ததுபோல் தெளிவாக, முடிவரிசையைத் தாண்டி நெற்றிக்கு வந்திருந்தால், கூடவே முழங்கையிலோ முழங்காலிலோ அதே மாதிரி இருந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம். செதில் உள்ள இடத்தில் முடி ஒடிந்து வட்டமாகச் சொட்டை விழுந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஷாம்பூ மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். வெள்ளையாக, நீள்வட்டமாக, முடியைப் பிடித்து இழுத்தாலும் நகராமல் இருந்தால் அது செதிலே இல்லை, ஈர். இவற்றில் ஒன்று தெரிந்தாலோ, நீர் கசிந்தாலோ, நான்கு வாரம் முறையாகச் செய்தும் புருவ அரிப்பு அப்படியே இருந்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது எண்ணெய் வைக்காமல், மூன்று நாள் குளிக்காத தலையோடு, அந்தச் செல்போன் படங்களையும் கொண்டுபோங்கள்.