லைசென்ஸ் இருக்கிறது, வண்டியை எடுக்கத்தான் பயம்

"டாக்டர், எனக்கு 36 வயது. கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். எச் போட்டு முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினேன். ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓட்டினேன். ஒரு நாள் வாளையார் தாண்டும்போது லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் ஒட்டி வந்தது. மூச்சு முட்டி, விரலெல்லாம் மரத்து, மயங்கி விழுந்துவிடுவேன் போலிருந்தது. ஓரங்கட்டிவிட்டேன், வீட்டுக்காரர் ஓட்டி வந்தார். அதிலிருந்து சாவியைத் தொடவே பயம். அம்மா கோவையில் தனியாக இருக்கிறார், வாராவாரம் போக வேண்டும். மறுபடி டிரைவிங் ஸ்கூலில் சேரட்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். டெஸ்ட் பயம் என்பது பக்கத்தில் இருப்பவர் என்ன மார்க் போடுவாரோ என்ற பயம். அவர் இறங்கியதும் அது போய்விடும். உங்களுடையது வேறு: ஓட்டும்போது உடம்பு கைவிட்டுவிடும் என்ற பயம். அதை இன்னும் பத்து கிளாஸ் போனாலும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஒரு சின்ன சோதனை மட்டும் செய்து பாருங்கள். ஆளில்லாத ரோட்டில் கிளட்ச் விடும்போது வண்டி நிற்காமல் கிளம்புகிறதா? மேட்டில் பின்னால் உருளாமல் எடுக்க வருகிறதா? வந்தால் திறமையில் குறையில்லை. வராவிட்டால் இரட்டை பிரேக் உள்ள பயிற்சி வண்டியில் சில நாள் ஓட்டிவிட்டு, கீழே சொல்லும் பயிற்சிக்கு வாருங்கள்.

அன்று வாளையாரில் நடந்தது இதுதான். பயத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரலும் உதட்டோரமும் மரத்து, தலை கிறுகிறுக்கும். கெட்டது நடக்கப்போவதற்கான அறிகுறியாக அது தோன்றும், ஆனால் இல்லை. ரத்த அழுத்தம் சட்டென்று விழும்போதுதான் பெரும்பாலும் மயக்கம் வரும். இந்த மாதிரி பதற்றத்தில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதனால் மயங்கி விழுவது மிக அரிது. உண்மையிலேயே நினைவு தப்பியதுண்டு, வலிப்பு வந்ததுண்டு, படியேறினால் நெஞ்சு வலிக்கும் என்றால் கதை வேறு. அப்போது முதலில் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை ஓட்டாதீர்கள்.

ஒரு நாள் பயம் ஏன் இத்தனை மாதம் நிற்கிறது? அது உச்சத்தில் இருந்தபோது ஸ்டியரிங் கைமாறியது. இறங்கியதும் நிம்மதி வந்தது. 'இறங்கியதால்தான் தப்பித்தேன்' என்று மூளை குறித்துக்கொண்டது. அடுத்த முறை சாவியைப் பார்க்கும்போதே அலாரம் அடிக்கிறது. உட்கார்ந்தே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த வாய்ப்பைச் சிறிது சிறிதாகக் கொடுப்பதுதான் வைத்தியம்.

ஒரு நோட்டில் உங்கள் ரோடுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பயத்துக்கு எண் போடுங்கள். உங்களுக்கு அது ஏறக்குறைய இப்படி வரலாம். வாசலில் எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா உட்கார்வது 2. காலையில் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்கள் 3. நாட்டுக்கல் வரை 4. சாயங்காலம் கொழிஞ்சாம்பாறை கடைத்தெரு 5. வேலந்தாவளம் போய்த் திரும்புவது 6. அதே ரோட்டில் க.க.சாவடி வரை போய், நெடுஞ்சாலையில் ஏறாமல் திரும்புவது 7. நெடுஞ்சாலையில் ஏறி மதுக்கரை வரை, வீட்டுக்காரரோடு 8, தனியாக 9. வாளையார் 10. 3 அல்லது 4-ல் தொடங்குங்கள். நேராக வாளையாருக்கே கூட்டிப்போய் 'ஒரேயடியாகப் பயத்தைத் தெளிய வைக்கிறேன்' என்று கிளம்பும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

ஒரு தடவைக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி, வாரத்தில் நாலைந்து நாள். மாதம் ஒரு முறை நீண்ட பயணம் போவதைவிட இது பலன் தரும், ஏனென்றால் இடைவெளி விழுந்தால் பயம் பழைய இடத்துக்கு ஏறிக்கொள்ளும். கிளம்புமுன் ஒரு வரி எழுதுங்கள்: 'கடைத்தெருவில் மயங்கி வண்டியை இடித்துவிடுவேன்.' திரும்பியதும் அதன் கீழே நடந்ததை எழுதுங்கள்: 'கை வியர்த்தது, ஆட்டோக்காரர் திட்டினார், வீடு வந்தேன்.' பயம் வந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம். எழுதிய வரி பலித்ததா என்று மட்டும் பாருங்கள். வேறு வேறு நேரங்களில் மூன்று நாலு முறை போயும் பலிக்கவில்லை, எண்ணும் பாதிக்குக் கீழே வந்துவிட்டது என்றால் அடுத்த ரோடு.

ஓட்டும்போதே பதற்றம் ஏறினால் இடது ஓரமாக வாருங்கள், வேகத்தைக் குறையுங்கள், முன் வண்டியோடு மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். மூச்சை ஆழமாக இழுக்காதீர்கள், அது கிறுகிறுப்பைக் கூட்டும்; மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். முடியவில்லையா? இண்டிகேட்டர் போட்டு ரோட்டை விட்டு இறங்கி, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு நில்லுங்கள். பதற்றம் கொஞ்சம் இறங்கியதும் வீட்டுக்குத் திரும்பாமல், போகவிருந்த பக்கமே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புங்கள். வாளையாரில் விட்டுப்போனது இந்தக் கொஞ்ச தூரம்தான்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் பயம் குறையாதவர்களை விசாரித்தால், ஏதோ ஒரு ஊன்றுகோல் இருக்கும். வீட்டுக்காரர் இருந்தால் மட்டும், ஞாயிறு அதிகாலை மட்டும், தண்ணீர் பாட்டில் மடியில் இருந்தால் மட்டும். ஒன்றும் ஆகாததற்கு அந்தப் பாட்டில்தான் காரணம் என்று மூளை நம்பிக்கொள்ளும். ஆரம்பத்தில் இருக்கட்டும், ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதல் வாரம் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில், அப்புறம் பின் சீட்டில், அப்புறம் பைக்கில் முன்னே போய் வேலந்தாவளத்தில் காத்திருப்பார், கடைசியில் வீட்டில். சேர்ந்து வரும்போது வழி மட்டும் சொல்லட்டும். 'பாத்து, பாத்து' என்பதும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பதும் கூடாது. சீட் பெல்ட், கண்ணாடி பார்ப்பது, இடைவெளி விடுவது ஊன்றுகோல் அல்ல, அவை எப்போதும் வேண்டும். தூக்கம் தரும் பதற்ற மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டவே கூடாது. கவனத்தை மந்தமாக்கும், 'மாத்திரையால்தான் ஓட்டினேன்' என்ற புது ஊன்றுகோலும் சேரும். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்தவரிடம் ஓட்டுவதைப் பற்றிக் கேளுங்கள்.

உங்களுக்கு விபத்து நடக்கவில்லை. விபத்தில் அடிபட்டு, ஒரு மாதம் கழித்தும் கனவிலும் பகலிலும் அதே காட்சி வந்துகொண்டிருப்பவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், மனநல நிபுணரோடு செய்யுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. நோட்டில் உங்கள் பய எண் இரண்டு மூன்று வாரமாக ஒரே படியில் நின்றால் நீங்களும் 14416-க்குக் கூப்பிடுங்கள்.

வாளையாருக்கு நாள் பார்க்கும்போது ஒன்று மனதில் இருக்கட்டும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், பெரிய லாரியைத் தாண்டும் நொடியில் ஒரு குலுக்கு குலுக்கும். அது காற்றின் வேலை, உங்கள் கைநடுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று முறை காற்றில்லாத நாளாகப் போங்கள், பிறகு காற்றிலும் போங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வேகம் குறைவாக. பின்னால் லாரி ஒட்டி வந்தால் அதற்காக வேகம் கூட்ட வேண்டாம், திடீர் பிரேக்கும் வேண்டாம். முன்னே இடைவெளியை இன்னும் அதிகமாக்கி, இடது பக்கம் ஒதுங்கி, அதைப் போகவிடுங்கள். ஒரு நாள் பயம் மறுபடி 8-க்கு ஏறினால் நோட்டில் ஒரே ஒரு படி கீழே வந்து, மறுநாளே சாவியை எடுங்கள்.