நமுத்துப்போகும் பீரோவும் சிலிக்கா ஜெல்லின் கணக்கும்

கேள்வி: தாம்பரத்தில் கீழ்த்தள வீடு. ஐப்பசி பிறந்தாலே துணி பீரோவைத் திறந்ததும் முடை வாடை அடிக்கிறது. என் கணவரின் லெதர் ஷூவிலும் பெல்ட்டிலும் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. ஷூ டப்பாவில் வந்த சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளையும் பூஜைக் கற்பூரத்தையும் உள்ளே போட்டேன். காற்றாடட்டும் என்று தினமும் காலையில் கதவைத் திறந்தும் வைக்கிறேன். ஒன்றும் குறையவில்லை. பட்டுப்புடவைகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் செய்யும் மூன்றும் சரியான வேலைகள்தான். ஆனால் மூன்றும் தப்பான இடத்திலோ தப்பான நேரத்திலோ நடக்கின்றன.

முதலில் கற்பூரம். அது ஈரத்தை உறிஞ்சாது. திறந்து வைத்தால் அது கரைந்துபோவதைப் பார்த்து, ஈரத்தைக் குடித்துத்தான் கரைகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிக் காற்றில் போகிறது, அவ்வளவுதான். அந்த ஆவி ராமபாணப் பூச்சியையும் அந்துப்பூச்சியையும் ஓரளவு விரட்டும், முடை வாடையை மறைக்கும். ஆபத்தே அந்த மறைப்பதில்தான் இருக்கிறது. வாடை தெரியாததால் உள்ளே பூசணம் பிடிப்பதும் தெரியாமல் போகிறது. ஆகவே கற்பூரம் வைப்பதாக இருந்தால் பூச்சிக்காக மட்டும் வையுங்கள். நாலைந்து வில்லைகளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து மேல் தட்டில் வையுங்கள், ஆவி கீழே இறங்கும். ஜரிகையிலும் பிளாஸ்டிக் பொத்தானிலும் நேரடியாகப் பட வேண்டாம். அந்துருண்டை ஏற்கெனவே கிடந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் கற்பூரம் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பட்டால் நம் ஊர்ச் சூட்டுக்கே இளகி ஒழுகிப் புடவையில் எண்ணெய்க் கறை போல இறங்கிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எட்டாத உயரம் கட்டாயம், கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

அடுத்து சிலிக்கா ஜெல். இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் பீரோ நாலடி அகலம், ஆறடி உயரம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளளவு ஏறக்குறைய ஒரு கன மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் அவ்வளவு காற்று அதிகபட்சம் 30 கிராம் நீரைத்தான் ஆவியாகத் தாங்கும். மழை நாளில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 25 கிராம். பூசணம் வளராத 60 சதவீதத்துக்கு இறக்க ஏழெட்டு கிராமை எடுத்தால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் ஈரம் காற்றில் மட்டும் இல்லை. டப்பா மூடாத அப்பளம் நமுத்துப்போவதைப் போலத்தான் துணியும். தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும், ஆனால் நூலுக்குள் நீர் ஏறியிருக்கும். பீரோவில் 20 கிலோ பருத்தித் துணி இருந்தால் 85 சதவீத ஈரப்பதத்தில் அது வைத்திருக்கும் நீருக்கும் 60 சதவீதத்தில் வைத்திருக்கும் நீருக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. சிலிக்கா ஜெல் அந்த நிலையில் தன் எடையில் கால் பங்கு நீரைப் பிடிக்கும் என்று கொண்டால் மூன்று கிலோ ஜெல் வேண்டும். ஷூ டப்பாவில் வந்த ஐந்து கிராம் பாக்கெட் ஒன்றே கால் கிராம் பிடிக்கும். அதுவும் உங்கள் கைக்கு வருவதற்குள் பாதி நிறைந்திருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் புதிதாக ஏழெட்டு கிராம் நீர் உள்ளே வருகிறது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தபோது இந்தக் கணக்கை நான் அடிபட்டுத்தான் கற்றேன். அவசர ஆர்டர், அடைமழை. தோல் முழுசாக உலராமலே ஜோடிகளை டப்பாவில் போட்டு, 'ஜெல் போட்டிருக்கிறோமே, பார்த்துக்கொள்ளும்' என்று ஏற்றிவிட்டோம். போய் இறங்கியபோது டப்பாவுக்கு டப்பா பூசணம். ஜெல்லில் குறையில்லை, அதன் சக்திக்கு மீறிய ஈரத்தை நாங்கள் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தோம். காய்ந்த பொருளைக் காய்ந்தபடியே காக்கத்தான் ஜெல் உதவும். ஈரப் பொருளைக் காயவைக்க அது உதவாது.

ஆகவே முழு பீரோவையும் ஜெல்லால் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். விலை உயர்ந்ததை மட்டும் பெட்டிக்கு மாற்றுங்கள். மூடியில் ரப்பர் வளையம் உள்ள, கிளிப் போட்டு இறுக்கும் 25 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். நாலைந்து பட்டுப்புடவை தாராளமாக அடங்கும். பட்டுக்குப் பிளாஸ்டிக் ஆகாதே என்று கேட்பீர்கள். கடையில் தரும் மெல்லிய கவர் ஆகாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ஈரத்தை அது வெளியே விடாது, வாங்கிக்கொள்ளவும் அங்கே வேறொன்றும் இல்லை. ஜெல் இருக்கும் இறுக்கமான பெட்டியின் கதை வேறு. கவர்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஒவ்வொரு புடவையையும் கஞ்சி இல்லாத பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

பெட்டியில் வைக்கும் முன் புடவை உலர வேண்டும். மழைக்காலத்தில் இதற்குச் சிறந்த வழி ஏசி அறை. ஏசி ஓடும்போது காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளியே விடுகிறது. இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் புடவைகளைப் பிரித்துக் கொடியில் போட்டு, காலையில் ஏசியை அணைக்கும் முன்பே மடித்துப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். அணைத்து ஒரு மணி நேரம் கழித்து மடித்தால் வெளி ஈரத்தை அது மறுபடி குடித்திருக்கும். இஸ்திரி போட்டிருந்தால் சூடு ஆறட்டும்.

இந்தப் பெட்டிக்கு 200 கிராம் ஜெல் போதும். துணிப்பையில் கட்டி, ஒரு சின்னத் தட்டில் புடவை மேல் படாமல் வையுங்கள். வாங்கும்போது நீலம் வேண்டாம், ஆரஞ்சு கேளுங்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, உடம்புக்கு நல்லதல்ல. ஈரம் நிறைந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பெரும்பாலும் பச்சையாகும். நிறத்தைவிட நான் நம்புவது சமையலறைத் தராசைத்தான். புதிதாக வைக்கும்போது பையை நிறுத்து, எடையைப் பேனாவால் பையிலேயே எழுதிவிடுங்கள். 200 என்று எழுதியது 240-ஐத் தாண்டினால் வறுக்கும் நேரம் வந்துவிட்டது.

வறுப்பது என்றால் நிஜமாகவே வறுப்பதுதான். மொட்டைமாடி வெயில் இதற்குப் போதாது, மேலுக்குக் கொஞ்சம் காயும், அவ்வளவே. ஓவன் இருந்தால் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். இல்லாவிட்டால் சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்ற ஒரு பழைய இரும்பு வாணலியில், சிறு தீயில், கிளறிக்கொண்டே நிறம் திரும்பும்வரை. தீயைக் கூட்டினால் மணிகள் படபடவென்று வெடித்து உடையும், நிறம் கருகினால் பிறகு அறிகுறி காட்டாது. சூடாக இருக்கும்போதே கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஆறவிடுங்கள். திறந்த தட்டில் ஆறவைத்தால் ஆறுவதற்குள் ஈரம் ஏறத் தொடங்கிவிடும். எடை பழைய இடத்துக்கு வந்ததா என்று தராசில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானியும் போட்டுவைக்கலாம். சில நூறு ரூபாய்தான். 45-க்கும் 55-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 40-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். பட்டு அதிகம் வறண்டால் மடிப்பில் முறியும், தோல் வெடிக்கும். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுவதை மறக்க வேண்டாம்.

இனி ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் வருவோம். அந்த வெள்ளை பூசணம்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தோலில் ஊறியிருக்கும் கொழுப்பு சில நேரம் மேலே வந்து வெள்ளையாகப் படியும், பார்க்கப் பூசணம் போலவே இருக்கும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்தால் போதும். மறையாமல் பொடிப்பொடியாக நின்று மக்கிய வாடையும் அடித்தால் பூசணம். அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்துகள் பறந்து பீரோவுக்கே திரும்பி வரும். மாடியில் வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பஞ்சில் லேசாக நனைத்துத் துடையுங்கள். முதலில் மறைவான ஓரத்தில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். நிழலில் ஒரு நாள் காய்ந்ததும் லெதர் கிரீம் கொஞ்சமாகத் தடவுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஷூ அப்பளமாகச் சுருண்டுவிடும்.

போட்டுக் கழற்றிய ஷூவில் கால் வியர்வை இருக்கும். அதை அன்றே மூடிய ராக்கில் வைப்பதுதான் பல வீடுகளில் பூசணத்துக்கு விதை. உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஒரு நாள் வெளியே விட்டு, தாளை எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள். கைப்பை ஒன்றில் தோல் செதில் செதிலாக உரிந்து ஒட்டினால் அது பூசணமும் அல்ல, தோலும் அல்ல. பியூ எனப்படும் செயற்கைப் பூச்சு ஈரத்தில் சிதைகிறது. அதற்கு மருந்து கிடையாது.

மிச்சத் துணிகள் பீரோவிலேயே இருக்கட்டும், காற்றாட விடுவதுதான் அவற்றுக்கு வழி. ஆனால் காலையில் அல்ல. விடிகாலையில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையே திறந்து, மின்விசிறியை பீரோவை நோக்கி ஓடவிடுங்கள். துணியை நெருக்கி அடுக்கியிருந்தால் காற்று நுழையாது, மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். விடாமல் தூறும் நாளில் திறக்கவே வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பருத்தியை வெயிலிலும் பட்டை நிழலிலும் ஒரு நாள் போடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், கீழ்த்தளம் என்கிறீர்களே, சுவரைச் சோதியுங்கள். பீரோவை நகர்த்திவிட்டு அதன் பின்சுவரில் ஒரு முழச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை ஒட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால் அடைத்து இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக்காற்றின் ஈரம், பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்டாலே குறையும். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தப் பக்கம் குளியலறையா, குழாய் ஓடுகிறதா என்று பிளம்பரை அழைத்துப் பாருங்கள். அது சரியாகும்வரை பீரோவை வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.