ஏக்கர் கூடினால் பங்கு கூடுமா?

கேள்வி: எங்கள் தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்தை உயில் எழுதாமல் விட்டுவிட்டு இறந்துபோனார். நாங்கள் அண்ணன் தம்பி இரண்டே பேர், உடன்பிறந்த சகோதரிகள் இல்லை. நான்தான் ஊரில் இருந்து விவசாயம் பார்க்கிறேன். கிணற்றை என் செலவில் ஆழப்படுத்தினேன். கிணற்றுப் பாசனம் உள்ள பகுதியை நான் வைத்துக்கொண்டு, அதைவிடக் கூடுதல் பரப்புள்ள மேட்டு நிலத்தைத் தம்பிக்குத் தருகிறேன் என்றேன். அவன் கையெழுத்துப் போட மறுக்கிறான். அம்மா என்னோடுதான் இருக்கிறார், பங்கு எதுவும் கேட்கமாட்டார். சட்டப்படி நான் செய்வது சரிதானே?

பதில்: இல்லை. உங்கள் மனதில் வஞ்சகம் இல்லை என்று நம்புகிறேன். ஆனாலும் உங்கள் திட்டத்தில் இரண்டு இடங்களில் சட்டம் இடிக்கிறது. அதை விளக்க, என்னிடம் வந்த இரண்டு சகோதரர்களின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர்களுடையது ஒன்பது ஏக்கர். சாலையை ஒட்டிக் கிணற்றடி வயல் இரண்டு ஏக்கர். அதற்கு அடுத்து, வாய்க்கால் வழியாக அதே கிணற்றுத் தண்ணீர் பாயும் நடுவயல் இரண்டு ஏக்கர். எல்லாவற்றுக்கும் பின்னால் மானாவாரி மேட்டு நிலம் ஐந்து ஏக்கர். வயல் நான்கும் தனக்கு, மேடு ஐந்தும் தம்பிக்கு என்று அண்ணன் சொன்னார். “ஒரு ஏக்கர் விட்டுக்கொடுக்கிறேன், இன்னும் என்ன வேண்டும்?” என்று அவர் என் எதிரிலேயே தம்பியைப் பார்த்துக் கேட்டார். தம்பியால் வாய் திறந்து பதில் சொல்ல முடியவில்லை. ஏமாறுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. எவ்வளவு என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

நான் ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டேன். முதல் வரிசையில் பங்குதாரர்களின் பெயரை எழுதச் சொன்னேன். அண்ணன் இரண்டு பெயர் எழுதினார். மூன்றாவது பெயரை நான் கேட்டபோது இருவருமே விழித்தார்கள். அவர்களுடைய தாய் உயிருடன் இருந்தார்.

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்ற அடிப்படையில் எழுதுகிறேன். இந்தச் சட்டம் பொருந்தாதவர்களுக்கு விகிதம் வேறு. உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச்சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகிறது. மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோர் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சம பங்கு. ஆகவே உங்கள் வீட்டில் பங்கு இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிகிறது. தந்தை இறந்த நாளில் உங்கள் பாட்டி உயிருடன் இருந்திருந்தால் நான்காகிவிடும். அம்மா கேட்கமாட்டார் என்கிறீர்கள். கேட்காததால் உரிமை போய்விடாது. அவரை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் எழுதும் பாகப்பிரிவினைப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது. நாளை அந்த நிலத்தை வாங்க வருபவரின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்ததும் முதலில் கேட்பது, தாயின் கையெழுத்து எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

கதைக்கு வருகிறேன். அடுத்த கட்டத்தில் மதிப்பை எழுத வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்பை எடுத்தால் போதுமே என்றார் அண்ணன். அது பத்திரப் பதிவுக் கட்டணத்துக்கான கணக்கு. எந்த வரப்பு வரை தண்ணீர் ஏறும் என்பது அதில் தெரியாது. அதனால், மேட்டு நிலத்தில் ஒரு ஏக்கருக்கு வரும் குத்தகையை ஒரு அலகு என்று வைத்துக்கொண்டோம். மற்ற வயல்களில் ஒரு ஏக்கருக்கு எத்தனை அலகு வரும் என்று இருவரையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னேன். எது யாருக்கு என்பதை அதுவரை பேசக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

நடுவயலுக்கு இருவரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதினார்கள், இரண்டே கால். கிணற்றடி வயலுக்கு அண்ணன் 2 என்று எழுதியிருந்தார், தம்பி மூன்றரை. பாசனம் தொடங்கும் இடத்துக்கு, அது போய்ச் சேரும் இடத்தைவிடக் குறைந்த மதிப்பு! நான் அண்ணனிடம், “இந்த 2 அலகுக் கணக்கில் கிணற்றடியைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பேனாவை எடுத்து அந்த எண்ணை அடித்தார். தம்பியிடமும் அதே கேள்வியைக் கேட்டேன், மூன்றரைக் கணக்கில் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று. அவரும் தயங்கினார். கடைசியில் இரண்டே முக்காலில் வந்து நின்றார்கள். தான் எழுதிய மதிப்பில் எதிராளி எடுத்துக்கொண்டாலும் சம்மதம் என்று சொல்ல முடிகிற எண்தான் நேர்மையான எண். மதிப்பீட்டாளரை வைத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு கட்டம் இப்படி நின்றது:

| நிலம் | பரப்பு | ஏக்கருக்கு அலகு | மொத்தம் |
|---|---|---|---|
| கிணற்றடி | 2 ஏக்கர் | 2.75 | 5.5 |
| நடுவயல் | 2 ஏக்கர் | 2.25 | 4.5 |
| மேட்டு நிலம் | 5 ஏக்கர் | 1 | 5 |
| ஆக | 9 ஏக்கர் | | 15 |

மூன்று பங்கு, ஆளுக்கு 5 அலகு. அண்ணனின் முதல் திட்டத்தை இதன் கீழே அவரே எழுதினார்: தனக்கு 10, தம்பிக்கு 5, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. விட்டுக்கொடுத்ததாக நினைத்த அந்த ஒரு ஏக்கர், கட்டத்தில் எங்கேயும் தெரியவில்லை. தம்பிக்கு வந்த 5 உண்மையில் அவருடைய நியாயமான பங்குதான் என்பதையும் அதே கட்டம் காட்டியது. அண்ணன் கையில் மிகுந்து நின்றது முழுவதும் தாயின் பங்கு. தம்பியும் அதைப் பார்த்தார். அதுவரை அண்ணனை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்தவர், அம்மாவின் பெயரைத் தானும்தான் எழுதவில்லை என்று சொன்னார்.

அடுத்த முறை தாயையும் அழைத்து வந்தார்கள். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தோம். பண்ணையம் பார்க்கத் தன்னால் ஆகாது, குத்தகைக்கு விட்டுக்கொள்கிறேன் என்று மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குக் கிணற்றடி, தம்பிக்கு நடுவயல். அண்ணனிடம் அரை அலகு கூடுதல், தம்பியிடம் அரை அலகு குறைவு. இதைப் பணமாகக் கொடுத்துச் சமன் செய்யலாம், மொத்த நில மதிப்பில் முப்பதில் ஒரு பங்கு. அண்ணனிடம் ரொக்கம் இல்லை. அதனால் இரு வயல்களின் எல்லையில் கிணற்றடிப் பக்கமிருந்து சுமார் 18 சென்ட் தம்பி பக்கம் தள்ளப்பட்டது. பணம் இருந்தால் பணமாகவே தீர்ப்பது நல்லது என்பது என் கருத்து. வரப்பை நகர்த்தினால் சர்வேயர் வந்து அளந்து கல் நட வேண்டும், அந்தக் கல்லே அடுத்த தலைமுறையின் சண்டைக்கு விதையாவதும் உண்டு.

கட்டத்தில் ஏறாத ஒன்று மிச்சமிருந்தது. கிணறு அண்ணன் பங்கில் விழுந்துவிட்டது, சாலையும் அவர் பக்கம்தான். இந்தியச் சுகவுரிமைச் சட்டம், 1882-இன் 13-ஆம் பிரிவு, பாகம் பிரித்த பிறகு ஒருவர் பங்கை அனுபவிக்க இன்றியமையாத வழியுரிமை போன்றவற்றைப் பாதுகாக்கிறது. ஆனால் அதை நம்பிப் பத்திரத்தில் எழுதாமல் விடாதீர்கள். கிணறு பொது என்று மட்டும் எழுதினால் கோடையில் சண்டை வரும். மோட்டார் யாருக்கு எந்த நாள் ஓடும், பழுதுச் செலவு என்ன விகிதம், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும், வாய்க்காலும் வண்டிப்பாதையும் எத்தனை அடி அகலம் என்பதை எழுதி, வரைபடத்தில் கோடாகவும் காட்ட வேண்டும். பாதைக்குப் போகும் மண்ணை மூவரின் கணக்கிலும் கழித்தோம்.

இனி உங்கள் கிணறு. அதை ஆழப்படுத்திய செலவு வீண்போகாது. கூட்டுச் சொத்தைக் கைப்பணம் போட்டு ஒரு பங்குதாரர் மேம்படுத்தியிருந்தால், முடிந்தவரை அந்தப் பகுதியை அவருக்கே ஒதுக்குவதையும், செலவைக் கணக்கில் எடுப்பதையும் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ரசீதுகளைத் தேடி எடுங்கள். கட்டத்தில் அதற்கென்று தனி வரி போட்டு, உங்களுக்கு வரவேண்டியது என்று எழுதுங்கள். அதோடு நேர்மைக்காக இன்னொரு வரியும் வேண்டும். இத்தனை ஆண்டுகளாக முழு நிலத்தின் விளைச்சலையும் நீங்களே எடுத்திருந்தால், தம்பியும் அம்மாவும் அதில் கணக்குக் கேட்க முடியும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த பிறகு எது மிஞ்சுகிறது என்று பேசுங்கள். உழைத்ததற்காகப் பங்கின் விகிதமே மாறிவிடாது.

அம்மா தன் பங்கை உங்களுக்கே தர விரும்பினால் தடையில்லை. அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ தானப் பத்திரமோ வேண்டும். அவசரப்பட்டு அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். உங்களிடம் சம்பளம் வாங்காத ஒரு வழக்கறிஞரிடம் அவர் தனியாகப் பேசட்டும். அப்படித் தந்தால், கடைசிவரை அவரைப் பராமரிப்பேன் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கும்.

வெறும் தாளில் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திடுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தாளாலேயே நிலம் பிரிகிறது என்று அது சொல்லுமானால், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாவிட்டால் பங்கை நிரூபிக்க அதை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பதிவுக்குப் பிறகு உட்பிரிவு செய்து மூவர் பெயரிலும் தனிப்பட்டா கேட்டு விண்ணப்பியுங்கள்.

தம்பி நாளை பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றம் முதலில் ஆளுக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை தரும். அதன் பிறகு ஆணையர் ஒருவர் வந்து நிலத்தைப் பார்த்து மதிப்பிட்டுப் பிரித்துக் காட்டுவார். கடைசியில் இறுதித் தீர்ப்பாணை. அந்த ஆணையரும் உங்கள் வரப்பில் நின்று இதே கட்டத்தைத்தான் போடுவார், செலவும் ஆண்டுகளும் உங்கள் மூவருடையது. எனவே வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தம்பியையும் அம்மாவையும் ஒன்றாக உட்காரவையுங்கள். தம்பி மறுத்த காகிதத்தை மறுபடி நீட்டாமல், மதிப்பு எழுத அவருக்கும் ஒரு தாள் கொடுங்கள்.