கெடு தவறாத டீம் லீடர்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். என் டீம் லீடர் ஒருவர் இந்த ஆண்டு ஒரு கெடுவைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் ஜூனியர்களின் வேலையையும் ராத்திரி உட்கார்ந்து அவரே முடித்துவிடுகிறார். அவர்கள் சேர்ந்தபோது இருந்த இடத்திலேயே நிற்கிறார்கள். அப்ரைசலில் இவரை எப்படி மதிப்பிடுவது? இப்படி உழைப்பவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

எம்.

அன்புள்ள எம்,

அவர் உழைப்பைத் தனியாகவும் லீடராக அவர் செய்ததைத் தனியாகவும் எழுதுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரேட்டிங் போட்டால், முதலாவது இரண்டாவதை மறைத்துவிடும்.

இரண்டாவதற்கான ஆதாரம், வேலைகளைப் பதிவுசெய்யும் உங்கள் டிக்கெட்டுகளிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றும் யார் பெயரில் தொடங்கியது, யார் பெயரில் முடிந்தது, எப்போது கைமாறியது என்று ஹிஸ்டரியைப் பாருங்கள். ஒரு ஜூனியருக்குப் பத்து நாள் வேலை ஒன்று தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் நாள் வரை ஒரு கேள்வியும் இல்லை, கமெண்டும் இல்லை. ஒன்பதாம் நாள் இரவு டிக்கெட் லீடர் பெயருக்கு மாறுகிறது, விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. எல்லோரும் அந்த ராத்திரியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மூன்றாம் நாளைப் பாருங்கள். "இதுவரை செய்ததைக் காட்டுங்க, அடுத்து என்ன செய்யப்போறீங்க?" என்று அன்றைக்கே கேட்டிருந்தால் வேலை தடம் மாறியது தெரிந்திருக்கும். திருத்திக்கொள்ள ஒரு வாரம் மிச்சமிருந்திருக்கும். லீடரின் ராத்திரி வேலையால் கெடு பிழைத்தது, ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படாததால் தான் எங்கே பிசகினோம் என்பது அந்த ஜூனியருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடந்தால் அது அவசரம், விட்டுவிடலாம். ஒரே ஜூனியரின் டிக்கெட்டுகள் மாதாமாதம் கடைசி நாளில் கைமாறினால் அதைத் தேதிகளோடு எழுதுங்கள். "வேலையைப் பகிர்வதில்லை" என்று பொதுவாக எழுதினால் அவர் மறுப்பார், மறுப்பதில் நியாயமும் இருக்கும்; அவர் பகிரத்தான் செய்கிறார். "இந்த மூன்று வேலைகளிலும் இடையில் ஒரு ரிவ்யூகூட நடக்கவில்லை" என்றால் பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.

அவர் லீவில் இருந்த நாட்களையும் பாருங்கள். வேலை நின்றதா, அல்லது யாராவது முடிவெடுத்து நகர்த்தினார்களா? டெஸ்டிங்கும் டாக்குமென்ட்டும் மட்டுமே ஜூனியர்களுக்குப் போய், டிசைன் முடிவுகள் எல்லாம் அவரிடமே இருந்தால், நிற்கத்தான் செய்யும்.

ரேட்டிங் போடும் முன் உங்கள் பங்கையும் பாருங்கள். ராத்திரி விழித்து முடித்ததற்காக எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினீர்களா? கற்றுக்கொள்ள இடமே இல்லாத கெடுக்களை வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டீர்களா? அப்படியென்றால் முழுக் குறையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்த அரையாண்டுக்கு ஒரு இலக்கு போதும். ஒரு ஜூனியர், ஒரு மாட்யூல். டிசைனிலிருந்து வாடிக்கையாளருக்கு விளக்குவதுவரை அந்த ஜூனியரே செய்யட்டும். லீடர் மூன்றில் ஒரு பங்கு வேலை முடிந்ததும் ஒருமுறை, பாதியில் ஒருமுறை பார்க்கட்டும். ரிவ்யூவில் கமெண்ட் எழுதலாம், கோடிங்கைத் தானே மாற்றக்கூடாது. இதனால் முதல் முறை கெடு சில நாள் தள்ளிப்போகலாம். அந்த நாட்களை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கித் தருவது உங்கள் வேலை.