பின்தொடை வீங்கி இறந்த நாகும் மீதமுள்ள கன்றும்

“ஹட்டன் பக்கம் இருக்கிறோம். 18 மாத நாகு நேற்றுக் காலை நொண்டியது, பின்தொடை வீங்கிச் சுட்டது, இரவே செத்துவிட்டது. மற்றக் கன்றுக்கும் வருமா?”

வணக்கம். இது பெரும்பாலும் சப்பை நோய். வீக்கத்தை அழுத்தியபோது தோலுக்கடியில் காய்ந்த சருகு நொறுங்குவதுபோல் நறநறத்திருந்தால், அது கிருமி தசைக்குள் உண்டாக்கிய வாயு. அப்படியானால் ஐயம் இன்னும் குறையும். ஆனால் மனிதருக்கும் தொற்றும் அடைப்பான் நோயிலும் மாடு திடீரென்று சாகும் என்பதால், உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். மிருக வைத்தியருக்கு அறிவித்து, அவர் சொன்னபடி சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதையுங்கள். உடலிலிருந்து சிந்தும் நீரில் உள்ள கிருமி வித்துகள் மண்ணில் பல வருடங்கள் உயிரோடிருக்கும்.

நோய் மாட்டுக்கு மாடு நேராகத் தொற்றுவதில்லை. எனினும் அதே மண்ணில் மேய்ந்த கன்றுக்கும் ஆபத்து உண்டு. அதை வேறிடத்தில் கட்டி, இன்றே தடுப்பூசி கேளுங்கள். ஊசி பலன்தர ஏறத்தாழ 2 வாரம் செல்லும் என்பதால், அதுவரை காலையும் மாலையும் காய்ச்சலையும் நடையையும் பாருங்கள். நொண்டத் தொடங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் போடும் பெனிசிலின் மட்டுமே சிலவேளை காப்பாற்றும்.

இந்நோய் மழைக்காலத்தில் அதிகம் வரும். உங்கள் பக்கம் மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்குவதால், இனி ஒவ்வோராண்டும் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ஊசியை முடித்துவிடுங்கள்.